64 டாலர் சாப்பாட்டுக்கு டிப்ஸ் எவ்வளவு?

*வணக்கம் அம்மா. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் மனைவியோடு ஹூஸ்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு நாள் நால்வரும் வெளியே சாப்பிட்டோம். சாப்பாடு 64 டாலர், வரியோடு 69.28. நான் 75 டாலர் ரொக்கமாக வைத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னேன். பரிமாறிய பெண்ணின் முகம் வாடிவிட்டது, மருமகனும் பேசாமல் இருந்தார். 5 டாலர் 72 காசு என்றால் நம்ம கணக்கில் 23 வெள்ளி! இது எப்படிக் குறைவாகும்? அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். நியாயமான கணக்கு என்ன? அந்தப் பெண்ணுக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா?*

*வாசகர், சுங்கை சிப்புட், பேராக்*

ஐயா, உங்கள் கை தாராளமானதுதான், தவறியது அளவுகோல். நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பில் 17.60 வந்தால் 20 வெள்ளியை நீட்டி, "மீதியை வச்சுக்கோங்க தம்பி" என்று எழுந்துவிடுவோம். அந்த மீதி 2.40 ஆக இருப்பது தற்செயல். பில் 19.50 என்றால் அவருக்கு 50 காசுதான் கிடைத்திருக்கும், அதற்காக யாரும் கோபப்படப் போவதில்லை. அவருடைய சம்பளத்தைக் கடைக்காரர் கொடுக்கிறார், நாம் விடுவது அதற்கு மேல். கோலாலம்பூரில் பெரிய உணவகத்துக்குப் போனால் விலைக்குப் பக்கத்தில் ++ என்று போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சேவை வரி 6 விழுக்காடு, இரண்டும் பில்லிலேயே ஏறிவிடும். எப்படிப் பார்த்தாலும் நாம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய வேலை இல்லை.

டெக்சஸில் சங்கதியே வேறு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-இல் வைத்த அந்தத் தொகை இன்றுவரை ஏறவில்லை. டெக்சஸும் அதையேதான் பின்பற்றுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25. இடையில் இருக்கும் 5.12 டாலர் டிப்ஸிலிருந்து வர வேண்டும், வராவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். பால் நிறுத்து ஏட்டில் ஏற்றியவர் நீங்கள், உங்களுக்கு இது உடனே பிடிபடும். பால் மரம் வெட்டுபவருக்கு அடிப்படைச் சம்பளம் ஒரு பக்கம், கிலோக் கணக்கில் கூடுதலாக வருவது ஒரு பக்கம். குடும்பம் நிமிர்வது இந்த இரண்டாவதில்தானே? விடிகாலை மழை பெய்தால் அது போயிற்று. அந்தப் பெண்ணுக்கு நம் மேசைதான் மரம். போதாததற்கு, பல உணவகங்களில் தட்டு எடுப்பவருக்கும் பானம் கலக்குபவருக்கும் அவர் பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பங்கைப் பல இடங்களில் விற்பனையை வைத்தே கணக்கிடுகிறார்கள். நாம் குறைத்து வைத்தாலும் அவர் கொடுக்க வேண்டியது குறையாது.

இதனால்தான் அங்கே டிப்ஸ் என்பது பில்லில் ஒரு விகிதம். மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் 15 முதல் 20 விழுக்காடு வழக்கம், இப்போது பெரும்பாலும் 18-ஐ ஒட்டி வைக்கிறார்கள். நீங்கள் வைத்த 5.72, அந்த 64 டாலரில் 9 விழுக்காடுகூட வரவில்லை. அவர் முகம் வாடியதன் காரணம் இதுதான். தன் பரிமாறலில் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்திருப்பார்.

இனி உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று தொகைகள் இருக்கும்: `Subtotal` 64.00, `Tax` 5.28, `Total` 69.28. டிப்ஸுக்கு அடிப்படை முதல் தொகை. வரிப் பணம் அரசாங்கத்துக்குப் போவது, அதற்கு மேல் டிப்ஸ் கணக்கிட வேண்டியதில்லை. 64-இல் புள்ளியை ஓர் இடம் நகர்த்தினால் 6.40, அது 10 விழுக்காடு. அதில் பாதி 3.20-ஐக் கூட்டினால் 9.60, இது 15. 6.40-ஐ இரட்டித்தால் 12.80, இது 20. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நின்றாலும் நியாயம்தான்.

ஹூஸ்டனில் இன்னும் சுலபமான வழி உண்டு. அங்கே விற்பனை வரி 8.25 விழுக்காடு, அதை இரட்டித்தால் 16.5. ஆக, பில்லில் அச்சாகியிருக்கும் 5.28-ஐ அப்படியே இரட்டியுங்கள்: 10.56. மொத்தத்தோடு கூட்டினால் 79.84. முழு டாலராக்க 80 என்று வைத்தால் டிப்ஸ் 16.75 விழுக்காடு, 81 என்றால் 18-க்குச் சற்று மேல், 82 என்றால் ஏறக்குறைய 20. நானாக இருந்தால் 81 வைப்பேன், டிப்ஸ் 11.72. இந்த இரட்டிக்கும் வழியை மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். வரி ஊருக்கு ஊர் மாறும். ஓரிகனில் விற்பனை வரியே கிடையாது, அங்கே எதை இரட்டிப்பது?

நம் கை முழுத்தொகையாக்கிப் பழகியதையும் இங்கே சொல்ல வேண்டும். 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ரொக்கம் கட்டினால் 1, 2 காசு கீழே இறங்கும், 3, 4 காசு ஐந்தாக ஏறும். கல்லாப்பெட்டியே அதைச் செய்துவிடுகிறது, யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பழக்கத்தில் 69.28-ஐ 70 ஆக்கினால் மிஞ்சுவது 72 காசு, சாப்பாட்டு விலையில் 1 விழுக்காடு. முதலில் டிப்ஸைக் கணக்கிட்டு, அதைக் கூட்டிய பிறகு, கடைசியாக முழு டாலருக்கு நகர்த்துங்கள். அந்த வரிசையை மாற்றிச் செய்ததுதான் அன்று நடந்தது.

அடுத்தது வெள்ளிக் கணக்கு. டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்தால் 11.72 டாலர் 47 வெள்ளி. உங்கள் வீட்டம்மாவுக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும், தெரியும். ஆனால் அதே கணக்கில் சாப்பாடு 256 வெள்ளி. அதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த பிறகு, பரிமாறியவரின் பங்கை மட்டும் நம்ம ஊர் ரொட்டி சானாய் விலையில் எடைபோடுவது முறையாகாது. அவர் வாடகை கட்டுவது ஹூஸ்டனில். வெள்ளியாக மாற்ற வேண்டிய நேரம் மெனுவைப் பார்க்கும்போதுதான். அங்கே போட்டிருக்கும் விலையோடு கால் பங்கைக் கூட்டி வாசியுங்கள், 16 டாலரை 20 என்று. வரியும் டிப்ஸும் அதில் அடங்கிவிடும். அந்த 20 டாலர், அதாவது 80 வெள்ளி, கட்டுப்படியாகுமா என்று அப்போதே பார்த்து, ஆகாவிட்டால் வேறு தட்டைச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது.

இதே மயக்கம் தமிழ்நாட்டுக்குப் போகும்போது தலைகீழாக வரும். "நூறு ரூபாய் நமக்கு என்ன, நாலைந்து வெள்ளிதானே" என்று இருநூறு ரூபாய்ச் சாப்பாட்டுக்கு நூறை வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் பில்லைத்தான் பார்க்க வேண்டும், பத்து விழுக்காடு தாராளம். விடுதி அறையில் நம்ம சில்லறைக் காசுகளை விட்டுவிட்டு வருவது பெரிய பிழை. நாணயத்தைப் பணமாற்றுக் கடையில் வாங்க மாட்டார்கள், துப்புரவு செய்பவருக்கு அது வெறும் தகரம்.

கார்டில் கட்டினால் ஒரு எச்சரிக்கை. கார்டைத் தேய்த்துவிட்டு ஒரு சீட்டும் பேனாவும் கொண்டுவருவார்கள். அதில் `Tip`, `Total` என்று இரண்டு வெற்றுக் கோடுகள் இருக்கும். முதல் பயணத்தில் நான் `Tip` கோட்டில் 11.00 என்று எழுதிவிட்டு `Total`-ஐ வெறுமனே விட்டுவிட்டேன். நான் 1-ஐ மேலே நீளமாகக் கொக்கி வைத்து எழுதுபவள். அந்த உணவகம் அதை 17 என்று வாசித்து எடுத்துக்கொண்டது. ஊர் திரும்பி வங்கி அறிக்கை வந்தபோதுதான் தெரிந்தது, கையில் நகலும் இல்லை. ஆகவே 1-ஐ ஒற்றைக் கோடாகப் போடுங்கள், இரண்டு கோடுகளையும் நிரப்புங்கள், வாடிக்கையாளர் நகலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் முதலில் 69.28 என்று காட்டி, ஓரிரு நாளில் 81.00 ஆக மாறினால் பதற வேண்டாம், டிப்ஸ் பிறகுதான் சேர்க்கப்படுகிறது. கார்டு இயந்திரம் டாலரா ரிங்கிட்டா என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரிங்கிட்டை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்தப் பக்கமே வைக்கும், பெரும்பாலும் அது நமக்கு நட்டம்.

சம்பந்தி வீட்டாரோடு ஆறு பேர், எட்டு பேர் என்று போனால் எழுதுவதற்கு முன் பில்லை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசியுங்கள். கூட்டமாகப் போனால் பல இடங்களில் 18 விழுக்காட்டை `Gratuity` என்று அவர்களே போட்டுவிடுவார்கள். அது இருந்தால் மேலே எதுவும் வைக்க வேண்டியதில்லை. கோப்பி வாங்கும் கவுண்டரில் திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டினால் மிரளாதீர்கள். நின்றபடி நாமே வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் கட்டாயம் எதுவும் இல்லை, `No Tip` அழுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்களே, அதைப் படித்ததும் உங்கள் மேல் மதிப்பு கூடியது. முதலில் மருமகனிடம் நேராகக் கேளுங்கள். பேசாமல் இருந்தவர், நீங்கள் எழுந்த பிறகு மேசையில் எதையாவது வைத்திருக்கக்கூடும். வைக்கவில்லை என்றால், அடுத்த மாதம் அதே இடத்துக்கு, கூட்டமில்லாத மதிய வேளையில் போங்கள். பில் நகல் இருந்தால் அதில் பெரும்பாலும் பரிமாறியவர் பெயரும் அச்சாகியிருக்கும், வாசலில் அதைக் காட்டிக் கேட்டால் ஆளைக் கூப்பிடுவார்கள். 81-க்கும் நீங்கள் வைத்த 75-க்கும் வித்தியாசம் 6 டாலர். ஒரு ஐந்து டாலர் நோட்டும் ஒரு ஒற்றை டாலர் நோட்டும் மடித்துக் கையில் கொடுத்து, "போன தடவை எங்களுக்கு வழக்கம் தெரியவில்லை அம்மா, உங்கள் பரிமாறலில் ஒரு குறையும் இல்லை" என்று மகளைச் சொல்லச் சொல்லுங்கள்.