அல்ல என்பதும் இல்லை என்பதும்

ஐயா, வணக்கம்.

முதுகலைத் தத்துவ வகுப்பின் கருத்தரங்கில் எதிர்மறை இறையியலைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது. கடவுள் இதுவல்ல, அதுவல்ல என்று சொல்லிக்கொண்டே போகிறவர், முடிவில் கடவுள் இல்லை என்பவரிடமிருந்து எந்த இடத்தில் வேறுபடுகிறார்? ‘கடவுள் அறியாமை உடையவர் அல்லர்’ என்பது ‘அறிவுடையவர்’ என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்வதுதானே? கப்பலை வைத்து ஓர் உவமை உண்டு என்று எங்கள் பேராசிரியர் குறிப்பிட்டார். அதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

– ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கப்பல் மைமோனிடிஸுடையது. ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் மருத்துவராகவும் யூதச் சமூகத்தின் தலைவராகவும் வாழ்ந்து, 1204-இல் மறைந்தவர். அவர் 1190-ஐ ஒட்டி அரபு மொழியில் எழுதி முடித்த ‘திகைத்தோருக்கான வழிகாட்டி’ என்ற நூலின் முதல் பாகத்தில், 60-ஆம் அத்தியாயத்தில் கப்பல் வருகிறது. பலரும் உவமை எளிதாக இருக்கிறதே என்று அங்கிருந்து தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் 58-இலிருந்து தொடங்குங்கள். அங்கே ஒரு சுவர் இருக்கிறது.

சுவருக்குப் பார்வை இல்லை என்று சொல்கிறோம். அதனால் சுவரைக் குருடு என்று யாரும் சொல்வதில்லை. பார்க்கக்கூடிய ஒன்றுக்குப் பார்வை இல்லாமற்போனால்தான் அது குருடு. சுவரோ பார்வை, குருடு என்ற இரண்டுமே பொருந்தாத வகையைச் சேர்ந்தது. நம் இலக்கண உரைகளில் எதிர்மறையை இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்று இல்லாதிருத்தல் இன்மை, அது அல்லாத பிறிதாக இருத்தல் அன்மை, அதற்கு நேர் எதிராக இருத்தல் மறுதலை. மைமோனிடிஸ் இந்தச் சொற்களை அறிந்தவரல்லர் என்றாலும், அவர் கடவுளைப் பற்றிச் சொல்ல அனுமதிக்கும் எதிர்மறை எது என்பதை விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. அவருடைய எதிர்மறைகள் எல்லாம் அன்மைகள். ‘அறியாமை உடையவர் அல்லர்’ என்று அவர் சொல்லும்போது, அறியாமையை நீக்கி அதன் மறுதலையான அறிவை அந்த இடத்தில் வைக்கவில்லை. அறிவு, அறியாமை என்று நாம் மனிதர்களை அளக்கும் அளவுகோல் முழுவதையுமே அங்கிருந்து எடுத்துவிடுகிறார். சுற்றி வளைத்துச் சொல்வதாக உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம், இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்ற விதியை இங்கும் பொருத்திப் பார்த்ததுதான். அந்த விதி ஒரே அளவுகோலின் இரு முனைகளுக்கு இடையில்தான் செல்லும்.

இதை அவரே 59-ஆம் அத்தியாயத்தில், யூதச் சட்ட மரபு நூலான தல்மூதில் உள்ள ஒரு கதையைக் கொண்டு காட்டுகிறார்; அந்தப் பகுதி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ரப்பி ஹனினா என்ற யூத அறிஞரின் முன்னிலையில் ஒருவர் தொழுகை நடத்துகிறார். மகத்தானவரே, வல்லவரே, அஞ்சத்தக்கவரே என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். ஹனினா முடியும்வரை காத்திருந்து, உன் ஆண்டவரின் புகழ் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாயா என்று கேட்கிறார். முதல் மூன்று சொற்களைக்கூட, மோசே திருச்சட்டத்தில் சொல்லி முன்னோர் அவற்றைத் தொழுகையில் வைத்திராவிட்டால், நாம் சொல்லத் துணிய மாட்டோம் என்கிறார். பிறகு உவமை: ஓர் அரசனிடம் ஆயிரமாயிரம் பொற்காசுகள் இருக்க, அவனிடம் வெள்ளிக்காசு இருப்பதாகப் புகழ்ந்தால் அது அவனுக்கு இழுக்கல்லவா? இங்கே மைமோனிடிஸ் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறார். ஆயிரமாயிரம் பொற்காசு உடையவனை நூறு பொற்காசு உடையவன் என்று புகழ்ந்ததாக ஹனினா சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கடவுளின் நிறைவும் நம்முடையதும் ஒரே வகை, அளவில் மட்டும் வேறு என்றாகியிருக்கும். பொன்னுக்குப் பதில் வெள்ளி என்றதால், நம்மிடம் உள்ள வகையே அங்கே இல்லை என்று பொருள்.

இனிக் கப்பலுக்கு வரலாம். கப்பல் என்று ஒன்று உண்டு என ஒருவருக்குத் தெரியும். அது ஒரு பொருளா, வேறொன்றைச் சார்ந்த பண்பா என்பது தெரியாது. அது பண்பு அல்ல என்று இன்னொருவர் அறிகிறார். அது கனிமம் அல்ல என்று மற்றொருவர், உயிருள்ள பிராணி அல்ல என்று வேறொருவர், மண்ணில் வேரூன்றிய செடி அல்ல என்று அடுத்தவர் அறிகிறார்கள். பலகை போலத் தட்டையானது அல்ல, உருண்டை அல்ல, உள்ளே வெற்றிடம் இல்லாமல் கெட்டியானது அல்ல என்று வரிசை நீள்கிறது. கடைசி ஆள், மரத்தால் செய்த, உட்குடைவான, நீண்ட ஒரு பொருளை ஏறத்தாழ மனத்தில் கண்டுவிடுகிறார். ஆகவே எதிர்மறைகள் வீணல்ல. ஒவ்வொன்றும் அறிபவரை ஓரடி முன்னே கொண்டுபோகிறது என்பது அவர் வாதம்.

ஆனால் உவமை நொண்டுகிற இடமும் இதுதான். கருத்தரங்கில் யாராவது கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. கப்பல் பொருள்களுள் ஒன்று. பொருள்களின் வகைகள் எண்ணத்தக்கவை. பத்தை நீக்கினால் மீதம் சிலவே. கடவுளோ, மைமோனிடிஸின் கணக்கிலேயே, எந்த வகையிலும் அடங்காதவர். எல்லையற்ற ஒன்றிலிருந்து எதை நீக்கினாலும் மீதம் குறைவதில்லை. கடைசி ஆள் கப்பலை நெருங்கினார். 58-ஆம் அத்தியாயத்தைப் படித்தவர் அதே பொருளில் கடவுளை நெருங்கினார் என்று சொல்ல முடியாது. தவறான படங்களை ஒவ்வொன்றாக இழந்தார் என்றுதான் சொல்லலாம்.

இதைவிடக் கூர்மையான தடை, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸிடமிருந்து வருகிறது. கடவுள் உயிருள்ளவர் என்பதற்கு, உயிரற்ற பொருள்களைப் போன்றவர் அல்லர் என்பதே முழுப்பொருள் என்றால், கடவுள் ஓர் உடல் என்றும் சொல்லலாமே, எந்த வடிவமும் பெறாமல் வெறும் ஆற்றல்நிலையில் கிடக்கும் மூலப்பொருளைப் போன்றவர் அல்லர் என்பதுதான் அதன் பொருள் என்று விளக்கிவிடலாமே என்று அவர் கேட்கிறார். ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்க எதிர்மறை மட்டும் காரணம் தராது. கடவுள் உயிருள்ளவர் என்று பேசுகிறவர், உயிரற்ற பொருள்களிலிருந்து வேறானவர் என்று மட்டும் சொல்ல நினைப்பதில்லை என்றும் சேர்க்கிறார். நியாயமான அடி இது. மைமோனிடிஸின் பக்கத்திலிருந்து ஒரு பதில் 47-ஆம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. வேதம் கடவுளுக்குப் பார்த்தலையும் கேட்டலையும் சொல்கிறது, சுவையையும் தொடுதலையும் சொல்வதில்லை; கடவுளைப் பொறுத்தவரை எல்லாப் புலன்களும் ஒன்றுபோலவே பொருந்தாதவை, மக்கள் எவற்றை நிறைவென்று கருதுகிறார்களோ அவற்றையே வேதம் எடுத்துக்கொண்டது என்கிறார். அதாவது சொற்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு கேட்பவரைச் சார்ந்தது, கடவுளைச் சார்ந்ததல்ல. அக்வினாஸின் இரண்டாம் தடைக்கு இந்தப் பதில் போதாது என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் முதற்கேள்விக்கான விடை கப்பலின் முதல் ஆளிடமே இருக்கிறது. ‘அல்ல’ என்பவை எல்லாம் தொடங்குவதற்கு முன்பே, கப்பல் உண்டு என்று அவருக்குத் தெரியும். மைமோனிடிஸ் கடவுள் உண்டு என்பதை நிறுவக்கூடியது என்று கருதியவர்; உண்டு என அறியலாம், என்ன என அறியவியலாது என்பதே அவர் நிலை. நாத்திகர் ‘இல்லை’ என்கிறார், இவர் ‘அல்ல’ என்கிறார். எனினும் 57-ஆம் அத்தியாயத்தில், கடவுள் உள்ளவர், ஆனால் இருத்தல் என்ற ஒரு பண்பைத் தனியே பெற்று அல்ல என்றும் எழுதிவிடுகிறார். அப்படியானால் முதல் ஆளின் ‘உண்டு’ என்ற சொல் எதைச் சொல்கிறது என்று உங்கள் வகுப்பில் யாரேனும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவகாசம் ஒதுக்கி வையுங்கள்.