கிரகப்பிரவேச செட்டை அப்படியே வாங்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வீடு கட்டி முடித்துவிட்டோம், அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். நாலு நிமிட வீடியோ ஒன்றில் கோ பூஜை, நிலைவாசல் பூஜை, கணபதி ஹோமம், பால் காய்ச்சுவது எல்லாம் வரிசையாகக் காட்டினார்கள். கடையில் கேட்டால் எல்லா சாமானும் ஒரே செட்டாகத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் ஐயருக்கு ஒரு போன் போட்டு அவருடைய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தர்ப்பை, சமித்து, கலசத்துக்குச் சுற்றும் நூல் இதையெல்லாம் பல பேர் தாங்களே கொண்டுவந்து தட்சிணையோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், செட்டிலும் அதே இருந்தால் ஒரே சாமானுக்கு இரண்டு தடவை காசு போகும். மிச்சம் இருக்கிற மஞ்சள், குங்குமம், நவதானியம், தேங்காய் எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சுற்று வந்தால் தனித்தனியாகவே கிடைத்துவிடும். மாவிலை, பூ, வாழைக்கன்று, பூசணிக்காய் இதெல்லாம் எந்தச் செட்டிலும் வராது, முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்க வேண்டும்.

அப்படியும் செட்தான் வசதி என்றால், அதில் முதலில் நெய் பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். 'பூஜை நெய்', 'தீப நெய்' என்று விலை குறைவாக வருவதில் பலவற்றில் உண்பதற்கு அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது தாவர எண்ணெயும் வாசனையும்தான். விளக்குக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஹோமத்துக்கு நல்ல நெய்தான் வேண்டும் என்று ஐயர் சொல்வார், அது ஒரு பக்கம் இருக்கட்டும், அவசரத்தில் யாராவது அதே பாட்டிலை எடுத்துப் பிரசாதத்துச் சர்க்கரைப் பொங்கலில் ஊற்றிவிடுவார்கள் என்பதுதான் எனக்குப் பயம். சாப்பிடும் நெய்யில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். இரண்டையும் தனித்தனி இடத்தில் வையுங்கள்.

வீடியோவில் சொல்லாமல் விட்டது ஹோம குண்டத்துக்கு அடியில் என்ன போடுவது என்பது. என் தம்பி வீட்டில் ஹால் நடுவில் டைல்ஸ் மேல் நேராக ஒரு வரிசை செங்கல்லும் கொஞ்சம் மணலும் போட்டு ஹோமம் செய்தார்கள், பூர்ணாஹுதி முடியும் நேரத்தில் 'டப்' என்று சத்தம் கேட்டது, மறுநாள் மணலை அள்ளினால் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டுக் கிடந்தது, அதே ஷேட் திரும்பக் கிடைக்கவில்லை. இரும்புத் தகரக் குண்டம் வாங்கினாலும் அடிப்பக்கம் நன்றாகக் கொதிக்கும். அதனால் தரையில் மூன்று அங்குலத்துக்கு மணல், அதன் மேல் நெருக்கமாகச் செங்கல், அப்புறம் குண்டம். கட்டட வேலையில் மீந்த மணலில் ஒரு மூட்டையும் செங்கல் கொஞ்சமும் இப்போதே எடுத்து வைத்துவிட்டால் இதற்குச் செலவே இல்லை. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்கு நேர் கீழே வேண்டாம், ஜன்னல் ஓரமாக வைக்க முடியுமா என்று ஐயரிடம் கேளுங்கள்.

மாடு விஷயம் சுருக்கமாக: கன்றோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், வாசலிலிருந்து ஹால் வரை சாக்கு விரியுங்கள், வழவழப்பான டைல்ஸில் மாட்டுக்குக் கால் வழுக்கும்.

பால் காய்ச்சுவதற்கு வருவோம். புது வீட்டில் கேஸ் இணைப்பு வந்திருக்காது, சரி, இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பித்தளை, செம்பு, வெள்ளிப் பாத்திரம் எதுவும் சாதாரண இண்டக்‌ஷனில் சூடேறாது, காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் வேலை செய்யும். அதைக் காலை நாலரை மணிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது கண்டுபிடிக்கக் கூடாது. பழைய வீட்டு சிலிண்டரையும் அடுப்பையும் முந்தின நாளே கொண்டுவந்து ஒரு தடவை பற்றவைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் லிட்டர் பிடிக்கிற வாய் குறுகின பாத்திரம் எடுங்கள், பெரிய குண்டானில் ஊற்றினால் பொங்கி வழியவே வழியாது. வீடியோவில் பால் பத்து நொடியில் பொங்கும், சிறு தீயில் உண்மையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், முகூர்த்தம் முடிவதற்குள் பொங்க வேண்டுமானால் அந்த நேரத்தைக் கணக்கில் வைத்து ஏற்றுங்கள். வீட்டுக்குள் நுழைந்த உடனேயா, ஹோமம் முடிந்த பிறகா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், உங்கள் மாமியாரிடமும் ஐயரிடமும் கேட்டு ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.

கடையில் பில் போடச் சொல்லி, பிரிக்காத பொருளைத் திரும்ப எடுப்பார்களா என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லை வைத்துப் புகார் சொல்லலாம்.