7.30% பத்திரத்துக்கு 30/360-இல் வட்டி கணக்கிட்டால் ஏன் Actual/365-இலிருந்து மாறுகிறது?

"10 லட்சம் ரூபாய் முகமதிப்புள்ள 7.30% அரசுப் பத்திரம் வாங்கினேன். நான் நாள் எண்ணிப் போட்ட வட்டி, ரசீதில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. ஏன்?"

நீங்கள் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணி 365-ஆல் வகுத்திருப்பீர்கள். அதுதான் Actual/365. இந்தியாவில் கருவூல உண்டியலுக்கு அந்த முறைதான். ஆனால் தவணை வட்டி தரும் அரசுப் பத்திரத்துக்கு 30/360. அதில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், வருடத்துக்கு 360.

உங்கள் பத்திரத்தின் வருட வட்டி 73,000 ரூபாய். 365-ஆல் வகுத்தால் நாளுக்குச் சரியாக 200, 360-ஆல் வகுத்தால் சுமார் 202.78. ஜூலை 1 முதல் செப்டம்பர் 1 வரை நிஜத்தில் 62 நாள், அதாவது 12,400 ரூபாய். 30/360-இல் 60 நாள்தான், 12,166.67 ரூபாய். இரண்டு 31-ஆம் தேதிகள் எண்ணிக்கையில் வராததால் 233.33 குறைகிறது.

பிப்ரவரியில் இது தலைகீழ். 2025 பிப்ரவரி 28-லிருந்து மார்ச் 1 வரை ஒரே நாள், 200 ரூபாய். 30/360-இல் மூன்று நாள், 608.33 ரூபாய்! கடைசித் தவணைக்குப் பிறகு சேர்ந்த வட்டியை வாங்குபவர் விற்பவருக்குத் தருவதால், பத்திரத்தை விற்பவருக்கு லாபம், வாங்குபவர் கூடுதலாகத் தர வேண்டும். ஆனால் அரையாண்டுத் தவணை எப்போதும் 36,500தான். Actual/365-இல் அது 181 நாளுக்கு 36,200, 184 நாளுக்கு 36,800 என்று ஏறி இறங்கும். லீப் வருடத்தில் மொத்தமே 73,200 ஆகிவிடும்.

எக்செல்லில் சரிபார்க்கும்போது கீழுள்ள சூத்திரத்தின் கடைசி TRUE-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் அமெரிக்க முறையில் எண்ணி, 3-க்குப் பதில் 1 காட்டும்.

```
=DAYS360(DATE(2025,2,28),DATE(2025,3,1),TRUE)
```