பெரியவரிடம் வாதாடாதே என்றீர்களே!

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இன்ஸ்டாகிராமில் வருவதை அப்படியே நம்புகிறான், இல்லாவிட்டால் எல்லாமே ஏஐ என்று தள்ளிவிடுகிறான். சென்ற மாதம் அவன் பெரியப்பா குடும்ப குரூப்பில் வெள்ளத்தில் தவிக்கும் குழந்தையின் படம் போட்டபோது, 'இது பொய்ப் படம்' என்று எழுதிவிட்டான். பெரியவரிடம் வாதாடாதே என்று அழிக்கச் சொன்னேன். இவனுக்கு வீட்டிலேயே எப்படிப் பயிற்சி கொடுப்பது?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அழிக்கச் சொன்னீர்களே, எதை வைத்து அப்படிச் சொன்னான் என்று அவனிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் பயிற்சி அன்றைக்கே தொடங்கியிருக்கும். அவன் சொன்னது சரியா தவறா என்பது இன்றுவரை உங்களுக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. உண்மையைச் சோதிப்பதைவிட வாயை மூடிக்கொள்வதே இந்த வீட்டில் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்பதை மட்டும் அவன் கற்றுக்கொண்டான். மூத்தவரை நாலு பேர் முன்னால் திருத்தக்கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அவர் பொய்யைப் பரப்பியிருக்கக்கூடும் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்க மாட்டேன்.

இனி வாரம் ஒரு மாலை பத்துப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஐந்தாறு உண்மைப் படங்களாக இருக்க வேண்டும். பொய்ப் படங்களை மட்டுமே காட்டிப் பழக்கினால் பிள்ளை எதைப் பார்த்தாலும் பொய் என்பான், அந்த நோய் அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தண்ணீருக்குள் நின்ற படத்தை அவசியம் சேருங்கள். அதைப் பார்த்த நினைவு அவனுக்கு இருக்காது, பொய் என்று அடித்துச் சொல்லவும் கூடும். ஒவ்வொரு படத்துக்கும் தேடத் தொடங்கும் முன்பே அவன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுத வேண்டும்: உண்மையா பொய்யா, பத்துக்கு எத்தனை உறுதி, என்ன காரணம். எழுதி வைக்காவிட்டால், விடை தெரிந்தபின் 'நான் அப்போதே நினைத்தேன்' என்பான்.

ஒரு படத்தை எடுத்துச் செய்துபார்ப்போம். 2024இல் அமெரிக்காவை ஹெலீன் புயல் தாக்கிய பிறகு, படகில் நாய்க்குட்டியை அணைத்தபடி அழும் சிறுமியின் படம் பெருமளவில் பரவியது. பகிர்ந்தவர்களில் ஒரு கட்சிப் பிரமுகர், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அது முக்கியமும் இல்லை என்று எழுதினார். (உங்கள் வீட்டு குரூப்பிலும் இந்தக் குரல் கேட்கும்.) ஏஐ வரையும் படங்களில் விரல்கள் பிசகும் என்று கேள்விப்பட்டு உங்கள் மகன் உடனே விரல்களை எண்ணுவான். ஒரு பிரதியில் விரல் ஒன்று கூடுதலாகவே இருந்தது. ஆனால் இன்றைய கருவிகள் விரல்களைச் சரியாகவே வரைந்துவிடுவதால் அந்தப் பழக்கத்தை நம்பி இருக்க வேண்டாம். படத்தை கூகுள் லென்ஸில் போட்டு வேறு பிரதிகளைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் சிறுமியின் சட்டையும் படகும் மாறியிருப்பது தெரியும். அடுத்து, எடுத்தவர் யார், எந்த ஊர், என்ன தேதி என்று கேட்க வேண்டும். அந்தப் படத்துக்கு மூன்றும் இல்லை, அது ஏஐ உருவாக்கியது. சென்னை விமான நிலையப் படத்துக்கோ நாளும் இடமும் உண்டு, அதே காட்சியை வேறு கோணங்களில் எடுத்த படங்களும் உண்டு. லென்ஸில் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் ஒரு படம் பொய்யாகிவிடாது, பக்கத்து வீட்டுக்காரர் நேற்று எடுத்த படமும் அங்கே கிடைக்காது. அப்போது 'தெரியவில்லை' என்று எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்து எழுத்து. ஏஐ எழுதியதை நடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையை முதலில் உடைத்துவிடுங்கள். உங்கள் தெருக் கோயில் திருவிழாவைப் பற்றி அவன் ஒரு பத்தி எழுதட்டும், ஏஐ கருவியில் ஒரு பத்தி வாங்கட்டும்; எது யாருடையது என்று சொல்ல முடிகிறதா என்று நீங்கள் பாருங்கள். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதற்காக ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கருவியே, அந்நிறுவனத்தின் சோதனையில் நூற்றுக்கு 26 ஏஐ எழுத்துகளைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டைத் தவறாக ஏஐ என்றது. 2023 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். ஆகவே ஃபார்வர்டாக வரும் செய்தியில் சரிபார்க்கக்கூடிய பெயர், தேதி, அரசாணை எண் ஆகியவற்றை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் வேறோர் இடத்தில் தேடுவதே அவனுக்குப் பயிற்சி. அடிக்கோடிட எதுவுமே இல்லாத செய்தியை அனுப்பக்கூடாது.

முதல் மாலைக்கு வேறு படம் தேட வேண்டாம், பெரியப்பா போட்ட படத்தையே எடுங்கள். அது உண்மை என்று தெரிந்தால், உங்கள் மகன் அதே குரூப்பில் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பொய் என்று தெரிந்தால், 'பெரியப்பா, தேடிப் பார்த்தேன், இது கிடைத்தது' என்று அவருக்குத் தனியாக அனுப்பட்டும். குரூப்பில் திருத்தம் போட வேண்டியவர், அழிக்கச் சொன்ன நீங்கள்.