நிலைக்கதவைப் பெயர்த்துக்கொண்டு போனவள்

கேள்வி: எங்கள் ஊர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு நாவலாசிரியரை அறிமுகப்படுத்த எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். விருதுப் பட்டியலை வாசிக்காமல், புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, வந்திருப்பவர்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் பேச ஆசை. எப்படிச் செய்வது? செயற்கையாகத் தெரியுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பயம் சரிதான். நான் செய்த ஒரு அறிமுகத்தைச் சொல்கிறேன். அதில் முதலில் எழுதியது செயற்கையாகத்தான் இருந்தது.

இடம் நெய்வேலி. நாவல், அணைக்குள் மூழ்கிப்போன ஒரு ஊரைப் பற்றியது. நான் முதலில் தேர்ந்தெடுத்தது, தண்ணீர் வற்றியபோது கோயில் கோபுரம் வெளியே தெரிகிற பத்தி. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் நந்தி சிலையும் பண்ணவாடி பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும், பத்திரிகைகளில் படம் வரும். அந்தப் படத்தையும் சேர்த்துச் சொன்னால் கைதட்டு விழும் என்று கணக்குப் போட்டேன். அப்புறம் யோசித்தால், நெய்வேலி அரங்கில் உட்காரப்போகிறவர்களுக்கு அந்த நந்தியோடு என்ன சம்பந்தம்? பார்க்க அழகான காட்சி, அவ்வளவுதான்.

அதனால் தேடுவதை மாற்றினேன். நல்ல வரிகளைத் தேடாமல், அங்கே வரப்போகிறவர்கள் கையால் தொட்டிருக்கக்கூடிய ஒரு பொருள் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்தேன். நாவலின் நாற்பதாம் பக்கம் போல ஒரு இடம் கிடைத்தது. இழப்பீட்டுக் கணக்கு எடுக்க வந்த அதிகாரி மரம், கிணறு, சுவர் எல்லாம் எண்ணி எழுதுகிறார். வீட்டுக்காரி "கதவுக்கு எவ்வளவு?" என்று கேட்கிறாள். வீட்டு விலையிலேயே கதவும் அடக்கம் என்கிறார். அன்று ராத்திரி அவளும் புருஷனும் நிலையோடு கதவைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். போன இடத்தில் இன்னும் சுவரே எழும்பவில்லை. கதவை ஒரு வேப்பமரத்தில் சாய்த்து வைக்கிறார்கள். பத்தி அங்கே முடிகிறது.

இது ஏன் பொருந்தியது என்றால், நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள். ரிடையர் ஆனால் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் இருந்த வீடு என்றாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ போக வேண்டியதுதான். சாமான் ஏற்றும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற சண்டை நடக்காத வீடு இருக்காது.

இங்கேதான் தப்பு செய்தேன். "நாம் எல்லோருமே ஒரு நாள் வீட்டைக் காலி செய்கிறவர்கள்தானே" என்று ஒரு வாக்கியம் எழுதி, அதில் எனக்குப் பெருமை வேறு. இரண்டு நாள் முன்னால் ஒரு நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தாத்தாவின் நிலம் சுரங்கத்துக்குள் போனது. கேட்டுவிட்டு, "நீங்க பி.எஃப். பணத்தோட காலி பண்ணிட்டுப் போறீங்க சார். நாங்க அப்படியா போனோம்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை.

ஒரே அரங்கில் இரண்டு விதமானவர்கள் உட்காருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நிலம் போனவர் இருப்பார், அந்த நிலத்தில் வேலைக்கு வந்தவரும் இருப்பார். அந்தப் பெண்ணின் கதையும் நம் கதையும் ஒன்று என்று நான் சொன்னால் ஒரு தரப்பு மனசுக்குள் எழுந்து போய்விடும். எந்த ஊரிலும் இப்படி ஒரு கோடு இருக்கும். தெரிந்தவர் ஒருவரிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டாமல் மேடை ஏறாதீர்கள். குறிப்பாக "நாம் எல்லோரும்" என்று தொடங்கும் வாக்கியம் இருந்தால் அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் வைத்தேன்: "பழைய வீட்டிலிருந்து தூக்கி வந்து, இப்போது எந்த வேலைக்கும் ஆகாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் கிடக்கிற ஒரு பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறதா? கை தூக்க வேண்டாம். அது என்னவென்று மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்." நிலம் போனவரும் பதில் சொல்லலாம், குவார்ட்டர்ஸ்காரரும் சொல்லலாம். இரண்டு பதிலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை.

மேடையில் நடந்த வரிசை இது. விளிப்பை ஒரே வாக்கியத்தில் முடித்தேன். தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று போனால் ஒன்றரை நிமிடம் அதிலேயே கரைந்துவிடும், வரவேற்புரையில் அதை ஏற்கெனவே ஒருவர் செய்திருப்பார். எழுத்தாளரின் ஊர், இது அவருடைய எத்தனையாவது புத்தகம், இரண்டு வரி. மற்றதெல்லாம் அழைப்பிதழில் இருக்கிறது. அடுத்து, அந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு ஒரு வரி சொல்லிவிட்டுப் பத்தியை வாசித்தேன். சுமார் நூறு வார்த்தை, நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதைவிட நீண்டால், காதால் மட்டும் கேட்கிறவர்கள் தொடர்ச்சியை விட்டுவிடுகிறார்கள். பெரிய எழுத்தில் தனித் தாளில் அச்சிட்டுக்கொண்டேன். புத்தகத்தைப் பிரித்துப் பிடித்து, மைக்கையும் சரிசெய்து, பக்கத்தைத் தேடுவது பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

வாசித்து முடித்ததும் "எவ்வளவு அருமையான வரிகள் பாருங்கள்" என்று சொல்லத் தோன்றும். அதைச் சொன்னால் பத்தி செத்துவிடும். கேள்வியைக் கேட்டேன், மனசுக்குள் ஐந்து எண்ணினேன். மேடையில் ஐந்து எண்ணுவது ரொம்ப நேரம் போலத் தெரியும், கீழே இருப்பவர்களுக்கு அப்படித் தெரியாது. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்த கணவரைப் பார்த்துச் சிரித்தார். பொருள் கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். "அந்தக் கதவு வேப்பமரத்திலிருந்து எங்கே போனது என்று தெரிந்தவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்" என்று சொல்லி, அவர் பெயரைச் சொல்லி, உட்கார்ந்துவிட்டேன். நாலரை நிமிடம்.

இதற்கு முன்பு எழுத்தாளருக்கு ஒரு போன் செய்திருந்தேன், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். "ஐயா, கதவுப் பத்தியை வாசிக்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் அதையே வாசிக்கப் போகிறீர்களா?" நல்லவேளை கேட்டேன். அவர் கோபுரப் பத்தியை வைத்திருந்தார். கதவுக் காட்சிக்குப் பிறகு நாவலில் நடப்பதைச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் ஊர் வழக்கில் இரண்டு சொல்லை நான் தப்பாக உச்சரித்ததையும் அப்போதே திருத்தினார். உங்கள் பத்தி நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

ஏற்புரையை அவர் கதவிலிருந்தே தொடங்கினார். கையில் இருந்த குறிப்பைப் பிரிக்கவே இல்லை. கேள்வி நேரத்தில் அந்த முன்வரிசை அம்மா எழுந்து, "எங்க வீட்ல அம்மி கிடக்கு. மிக்ஸி வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு" என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தாளர் கேட்டார். "மாடிப்படிக்குக் கீழ. அது மேலதான் செருப்பு விடுறோம்."

இந்த முறையில் ஒரு தொந்தரவும் உண்டு. மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாலும் சிலருக்கு மைக்கில் சொல்லியாக வேண்டும். ஒரு பெரியவர் தன் பூர்வீக வீட்டின் தூண்களில் தொடங்கி பாகப்பிரிவினை வரை பத்து நிமிடத்துக்கு மேல் பேசினார். பாதியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, கதவைத் திறந்துவிட்டவனே நான்தானே. கேள்வி நேரத்தில் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று தொகுப்பாளரிடம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். அன்று நன்றியுரை சொல்ல வேண்டியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எல்லோருக்கும் நன்றி" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.