வாசம் வரவில்லை என்று தீயைக் கூட்டாதீர்கள்

கேள்வி: சாம்பாருக்கு நல்லெண்ணெயில் தாளிக்கிறேன். கடுகு வெடிப்பதற்குள் வெந்தயமும் மிளகாயும் கருகி, குழம்பே கசக்கிறது. தீயைக் குறைத்தால் கடுகு வெடிப்பதில்லை, வாசமும் இல்லை. எண்ணெய் புகைய வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது சரியா? — வாசகி, திருச்சி

அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகு, வெந்தயம், மிளகாய் மூன்றையும் ஒரே கையில் அள்ளிப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கருகலுக்கு முதல் காரணம் அதுதான். கடுகுக்கு வேண்டிய சூடு வெந்தயத்துக்கு ஆகாது. வெந்தயம் தாங்கும் சூட்டில் மிளகாய் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. மூன்றும் ஒன்றாக எண்ணெய்க்குள் போனால் எதையாவது ஒன்றைப் பலி கொடுத்தே ஆக வேண்டும்.

எண்ணெய்க்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், வரிசை தானாகவே புரிந்துவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. தாளிக்கிற எண்ணெய் சாதாரணமாக 160, 170 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் இரண்டு வேலை நடக்கிறது. சீரகம் போன்ற விதைகளுக்குள் அடைபட்டிருக்கும் மணமுள்ள எண்ணெய் வெளியே வந்து நல்லெண்ணெயில் கரைந்துகொள்கிறது. கூடவே விதையின் மேல்பகுதி வறுபட்டு, பச்சையாக இருந்தபோது இல்லாத புது மணம் ஒன்று பிறக்கிறது. எண்ணெயில் கரைந்த மணத்தைக் குழம்பில் ஊற்றினால் அது மேலே மிதந்து, ஒவ்வொரு கரண்டியோடும் தட்டுக்கு வரும். இதே விதைகளைக் குழம்பில் நேரே போட்டுக் கொதிக்கவிட்டால், மணத்தில் பாதி ஆவியோடு போய்விடும்.

தாளித்தால் தெரு முழுக்க மணந்தது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். தெருவுக்குப் போன மணம் சாம்பாரில் இல்லை, அவ்வளவுதான். தாளித்ததைக் கொட்டியதும் பாத்திரத்தை மூடி 5 நிமிடம் விடுங்கள். வாசம் வரவில்லை என்ற உங்கள் குறையில் கொஞ்சம் இதிலேயே தீரும்.

இப்போது கடுகு. அதற்குள் இருக்கிற துளி ஈரம் சூட்டில் ஆவியாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுதான் வெடிப்பு. பச்சைக் கடுகை அரைத்துத் தண்ணீர் பட்டால் மூக்கில் ஏறும் காரம் வரும். ஆவக்காய் ஊறுகாயில் இருப்பது அந்தக் காரம். கொதிக்கும் எண்ணெயில் விழுந்த கடுகில் அந்தக் காரத்தை உண்டாக்கும் பொருள் செத்துவிடுகிறது. அதனால்தான் வெடித்த கடுகு வேர்க்கடலை மாதிரி மணக்கிறது. வெடிக்காத கடுகு பல்லில் பட்டால் கசப்பும் காரமும் தெரியும். ஆகவே கடுகு முழுக்க வெடித்தாக வேண்டும், அதற்குச் சூடும் வேண்டும். ஆனால் அந்தச் சூடு கடுகுக்கு மட்டும்தான்.

ஒரு வீட்டு சாம்பாரை வைத்தே சொல்கிறேன். 3 டீஸ்பூன் நல்லெண்ணெய், அரை டீஸ்பூன் கடுகு, 10 அல்லது 12 வெந்தயம், 2 காய்ந்த மிளகாய், ஓர் ஆர்க்கு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். தாளிப்புக் கரண்டியை லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய் ஒரு பக்கம் குளம் கட்ட வேண்டும். பரவி நிற்கும் எண்ணெயில் விதைகள் பாதி நனைந்தும் பாதி நனையாமலும் கிடந்து, அடிப்பக்கம் மட்டும் தீயும். மிதமான தீயில் எண்ணெய் காய்ந்ததும் இரண்டு கடுகைப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் குமிழி கட்டி, சில நொடிகளில் வெடித்தால் பதம் சரி. போட்ட கணமே வெடித்துக் கறுத்தால் சூடு அதிகம், கரண்டியை அடுப்பிலிருந்து தூக்கிவிடுங்கள். கடுகு சும்மா கிடந்தால் இன்னும் காயட்டும்.

மீதிக் கடுகைப் போட்டு, படபடவென்ற சத்தம் உச்சத்துக்குப் போய் அடங்க ஆரம்பிக்கும்போது தீயை முழுக்கக் குறைத்து, அப்புறம் வெந்தயத்தைப் போடுங்கள். வெந்தயத்தில் பிறவியிலேயே கசப்பு உண்டு. லேசாகச் சிவந்தால் கசப்பு பின்னுக்குப் போய் மணம் முன்னுக்கு வரும். காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போனால் கசப்பைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாது. நடுவில் உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். அதனால் வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டி செங்கல் நிறத்துக்குத் திரும்பும்போதே அடுப்பை அணைத்துவிட்டு மிளகாயைப் போடுங்கள். இரும்புக் கரண்டியானால் அணைத்த பிறகும் சூடு பிடித்து வைத்திருக்கும், மிளகாய்க்கு அது தாராளம். மிளகாய் உப்பி, பளிச்சென்ற சிவப்பாகத் தெரிய வேண்டும். பழுப்பாகி, உங்களுக்கு இருமல் வந்தால் நேரம் கடந்துவிட்டது.

உடனே கறிவேப்பிலை. ஈரம் சொட்டாமல் துடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் கையில் தெறிக்கும். இலைக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போது எண்ணெயின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதாவது கறிவேப்பிலை வாசத்துக்கு மட்டுமல்ல, தாளிப்புக்கு பிரேக்கும் அதுதான். பெருங்காயத் தூள் கடைசி. அந்த டப்பாவில் பெரும்பகுதி மாவும் பிசினும்தான். மாவு எண்ணெயில் எவ்வளவு சீக்கிரம் கருகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில் அச்சடிப்பது யாருடைய வசதிக்காக என்று தெரியவில்லை, அப்படி அச்சடிக்க விடுகிறார்கள்.

புகை விஷயத்துக்கு வருகிறேன். நல்லெண்ணெய் புகைந்தால் எண்ணெயே சிதைகிறது என்று பொருள். கண் எரிவதும் அதனால்தான். அந்தக் காறல் சாம்பாரில் கரைந்துவிட்டால் எடுக்க முடியாது. புகைய வேண்டும் என்ற யோசனை வேறு ஊருடையது. வங்காளத்திலும் பீகாரிலும் கடுகு எண்ணெயில் சமைக்கிறார்கள். பச்சைக் கடுகு எண்ணெயின் நெடி மூக்கைப் பிடிக்கும். அதைப் புகையும்வரை காயவைத்தால் அந்த நெடி ஆவியாகிப் போகும், எண்ணெயின் நிறமும் வெளுக்கும். அப்புறம் அடுப்பைக் குறைத்து எண்ணெயைக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் பாஞ்ச் போரன் என்ற ஐந்து விதைக் கலவையைப் போடுவார்கள். கவனியுங்கள், அவர்களும் புகைகிற எண்ணெயில் மசாலாவைப் போடுவதில்லை. இந்த 'ஆறவிட்டு' என்ற பகுதியை வீடியோக்காரர்கள் வெட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் எண்ணெய் ஆறுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நீங்கள் கடுகு எண்ணெய் வாங்கினால் புகையவிட்டு, ஆறவிட்டு, மறுபடி மிதமாகக் காயவையுங்கள். நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றுக்கும் புகை வேண்டாம். செக்கில் ஆட்டியது என்றால், சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரமே புகையும்.

கடுகு எண்ணெய் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1998-இல் டெல்லியில் பிரமதண்டு என்ற விஷச் செடியின் விதை எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்டு 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரமதண்டு விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே இருக்கும். சாக்கிலிருந்து அள்ளித் தரும் உதிரிக் கடுகை வாங்கினால் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதையின் தோல் சொரசொரப்பு, உள்ளே வெள்ளை. சீரகத்தை உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். கை கறுத்தால் அதில் கரித்தூள் பூசிய புல்விதை கலந்திருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கருகலுக்கு இரண்டாவது காரணம் இங்கேதான் இருக்கிறது. பழைய சரக்கில் மணம் இருக்காது. வாசம் வரவில்லையே என்று நாம் தீயைக் கூட்டுவோம், இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம், அதற்குள் கருகிவிடும். இல்லாத வாசத்தை எவ்வளவு தீயாலும் வரவழைக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் 'நேற்று வந்த சரக்கு' என்று கிராம்பும் சீரகமும் வாங்கினேன். கிராம்பைத் தண்ணீரில் போட்டால் பாதிக்குமேல் மிதந்தது. எண்ணெய் எடுத்த சக்கை. நல்ல கிராம்பு அடியில் போய் நிற்கும். திருப்பிக் கொடுக்கப் போனபோது, 'இப்பல்லாம் இப்படித்தான் சார் வருது' என்றார். புகார் எழுதிக் கொடுத்தேன், மாதிரி எடுக்க ஆள் வந்தபோது அந்த மூட்டை விற்றுத் தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பாக்கெட் வாங்கினால் தப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அதில் போட்டிருப்பது பொட்டலம் கட்டிய தேதி. அந்தச் சீரகம் வயலிலிருந்து வந்து எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது என்று எங்கும் எழுதியிருக்காது. முட்டைக்குக்கூட நாள் கேட்கிற நாம் சீரகத்துக்குக் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. நம் மூக்கை நம்ப வேண்டியதுதான். தாளிப்பதற்கு முன் நாலு சீரகத்தை விரலுக்கிடையில் நசுக்கி முகர்ந்து பாருங்கள். பச்சையாக நசுக்கியே மணக்காதது எண்ணெயில் போய் மணக்காது. 100 கிராம், 50 கிராம் என்று கொஞ்சமாக வாங்கி, அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காமல், மூடி இறுகிய பாட்டிலில் தள்ளி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் கருகினால், வடிகட்டி எண்ணெயை மட்டும் ஊற்றிவிடலாம் என்று யோசிக்காதீர்கள். கசப்பு விதையில் மட்டும் நிற்பதில்லை, எண்ணெயிலும் இறங்கியிருக்கும். மொத்தத்தையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி ஆறவிட்டு எறிந்துவிட்டு, கரண்டியைத் துடைத்து, புதிதாக 3 டீஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள்.