ஒரே ராஜராஜன், ஆளுக்கொரு பெயர்

கேள்வி: ராஜராஜ சோழனைப் பற்றி ஒன்றரை மணி நேர மேடை நாடகம் எழுதுகிறேன். அரசன், மன்னன், வேந்தன், கோ, சக்கரவர்த்தி, மகாராஜா என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. வசனத்தில் எல்லாமே 'மன்னா, மன்னா' என்று ஒரே மாதிரி ஒலிக்கிறது. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? யார் வாயில் எதை வைப்பது?

பதில்:

அகராதியைப் பார்த்து இந்தச் சொற்களை மேலிருந்து கீழாக அடுக்கினால் உங்களுக்குப் பயன் குறைவு. நானும் முதல் நாடகத்துக்கு அப்படி ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஒத்திகையில் ஒரு நாள்கூட அது உதவவில்லை. உங்களுக்கு வேண்டியது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்திலேயே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள் என்று குறிப்பிடும் கல்வெட்டு அது, 1010ஐ ஒட்டியது. 'உடையார் ஸ்ரீ ராஜராஜ தேவர்' தஞ்சாவூர்க் கோயிலுக்குள் திருமஞ்சன சாலையில் தானம் செய்தருளி இருக்கும்போது வாய்மொழியாக ஒரு கட்டளை இடுகிறார். நாம் எடுப்பிச்ச கற்றளிக்கு, அதாவது கல்லால் கட்டிய கோயிலுக்கு, 'நாங் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்', மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்கிறார். அவர் 'திருவாய் மொழிந்தருள' அதை வெட்டியதாக எழுத்தர் சொல்கிறார்.

இரண்டு குரல்களையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். எழுத்தர் குரலில் உடையார், ஸ்ரீ, தேவர், அருளி, திருவாய் என்று எல்லாம் வருகிறது. அரசன் குரலில் ஒரு பட்டம்கூட இல்லை. 'குடுத்த', 'எடுப்பிச்ச', 'அக்கன்', 'பெண்டுகள்' என்று வீட்டில் பேசுகிற பேச்சு. அவனுக்கென்று இருக்கும் ஒரே மரியாதை 'நாம்' என்ற பன்மைதான். அந்த அக்கன் குந்தவைதான். அவரை அதிகாரிகள் குறிப்பிடும்போது 'ஸ்ரீ ராஜராஜ தேவர் திருத்தமக்கையார்', 'குந்தவைப் பிராட்டியார்' என்று நீளும். தம்பிக்கு அவர் வெறும் அக்கன்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட விதி ஒன்றுதான். மதிப்புச் சொல் எல்லாம் சுற்றி நிற்பவர்கள் வாயில் இருக்கட்டும். அரசன் வாயில் ஒன்றும் வேண்டாம். 'இந்தச் சோழ மன்னன் சொல்கிறேன், கேள்!' என்று உங்கள் ராஜராஜன் எங்காவது முழங்கினால் அதை அடித்துவிடுங்கள். 'நாம் சொன்னோம்' என்று தணிந்த குரலில் சொல்லட்டும், பக்கத்தில் நிற்பவன் தலை குனியட்டும். உயரம் தானாக வரும்.

இதைக் காட்சியாக்கினால் எப்படி இருக்கும் என்று ஒரே செய்தியை வைத்துக் காட்டுகிறேன். கல்லில் வெட்டச் சொல்லிவிட்டார் என்பதுதான் செய்தி. என் முதல் வடிவத்தில் ஓலை எழுதுபவர், தச்சர், சிறைப்பட்ட பாண்டிய வீரன் எல்லோருமே 'மன்னர் ஆணையிட்டார்' என்றுதான் பேசினார்கள். யார் பேசுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெரியாது. திருத்திய வடிவம் இது:

அரசன்: நாம் குடுத்தது, அக்கன் குடுத்தது, பெண்டுகள் குடுத்தது, வேறு யார் குடுத்தது ஆனாலும், விடாமல் கல்லில் வெட்டுங்கள்.

ஓலை எழுதுபவர் (தச்சரிடம்): ராஜராஜ தேவர் திருவாய் மொழிந்தருளினார். திருத்தமக்கையார் அளித்தனவும் இதில் அடங்கும்.

தச்சர் (தம் ஆட்களிடம்): ராசா சொல்லிட்டாரு. உளியைத் தீட்டுங்கப்பா, இந்த வருசம் முடியாது.

பாண்டிய வீரன்: சோழன் கல்லில் எழுதுகிறான். எழுதட்டும்.

குந்தவை (தனியே, தம்பியிடம்): அருமொழி, என் பெயரையும் போடச் சொன்னாயாமே?

ஐந்து பேர், ஐந்து தூரம். மிக உயர்ந்த சொல்லைச் சொல்பவர் அதிகாரி, ஏனென்றால் அவருக்குத்தான் அந்த உயரத்தால் பிழைப்பு. பட்டமே இல்லாமல் பேசுபவர்கள் இரண்டு பேர்: ஒருவன் பகைவன், இன்னொருவர் அக்கா. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோதுதான் காட்சிக்கு உயிர் வந்தது. பகைவனைக் குலப்பெயரால் சுட்டுவதும் என் கற்பனை இல்லை. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைப் பாடும் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியே பாண்டியரைச் 'செழியர்' என்று குலப்பெயரால் சொல்லி, அவர்களுடைய தேசை, அதாவது ஒளியை, கொண்டதாகப் பாடுகிறது. அங்கே அவர்களுக்கு அரசர் பட்டம் கிடையாது. அதையே திருப்பிப் போட்டால் பாண்டியன் வாயில் 'சோழன்' வருகிறது.

இனி உங்கள் பட்டியல். 'கோ' என்பது அந்தக் கல்வெட்டுகளில் பட்டப்பெயரின் முன்னால் ஒட்டி வருவது: கோ ராஜகேசரி, கோப்பரகேசரி. கட்டியம் கூறுபவன் முழுப் பட்டத்தையும் நீட்டிச் சொல்லும் இடத்தில் ஒரு தடவை வைத்தால் கம்பீரமாக இருக்கும். உரையாடலில் 'கோவே' என்று கூப்பிட்டால் யாருக்கும் காதில் ஏறாது. 'வேந்தன்' சங்க காலத்திலிருந்தே முடியுடைய மூவருக்குப் பழகிய சொல். பாரியின் மகள்கள் தம் குன்றைப் பறித்தவர்களை 'வேந்தர்' என்றும், இழந்த தகப்பனை 'எந்தை' என்றும் பாடுவதைப் பாருங்கள். உரிமை எந்தப் பக்கம், படை எந்தப் பக்கம் என்பது அந்த இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆகவே சோழனுக்கு அடங்கிய சிற்றரசர் யாரையும் வேந்தே என்று கூப்பிடாதீர்கள். அவர்களுக்கு 'அரையர்' இருக்கிறது. பழுவேட்டரையர், வாணகோவரையர் என்று பெயரிலேயே அது ஒட்டியிருக்கிறது. அரசர் என்ற சொல் தேய்ந்துதான் அரையர் ஆனது. உயரம் ஒரு படி குறைந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

சக்கரவர்த்தியை அடக்கி வையுங்கள். 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' முதலாம் குலோத்துங்கன் காலத்திலிருந்து கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் பட்டம். ராஜராஜனுக்கு 'உடையார்' போதும். 'மகாராஜா' வந்தால் பழைய கம்பெனி நாடகத் திரைச்சீலை கண்முன் இறங்கிவிடும். விதூஷகனுக்கு வேண்டுமானால் கொடுங்கள்.

கல்வெட்டுச் சொல்லை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தால் எங்கே இடறும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் இடறியிருக்கிறேன். முதல் காட்சியில் ஒரு காவலன் ஓடிவந்து 'தேவர் எழுந்தருளுகிறார்' என்பான். பின்வரிசையில் சிரிப்பு. தேவரும் உடையாரும் இன்றைக்குச் சாதிப் பெயராகத்தான் காதில் விழும். அடுத்த முறை மேடையேற்றியதிலிருந்து இரண்டையும் தனியே விடவில்லை. 'ராஜராஜ தேவர்' என்று பெயரோடு மட்டும் வந்தது, உடையார் கட்டியத்தில் மட்டும் நின்றது. இரண்டாவது, 'கோயில்'. மேலே சொன்ன கல்வெட்டில் தஞ்சாவூர்க் கோயில் என்பது அரசன் இருக்கும் அரண்மனை. கோ இருக்கும் இல். மேடையில் அப்படிச் சொன்னால் அரசன் சாமி கும்பிடப் போயிருப்பதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நான் 'மாளிகை' என்று மாற்றிக்கொண்டேன். ஆசை விடவில்லை என்றால் ஓலை எழுதுபவர் வாயில் ஒரு முறை 'கோயிலுக்குள்' என்று வைத்து, உடனே அவர் கை அரண்மனை வாசலைக் காட்டட்டும்.

வினைச்சொல்லை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பெயர்ச்சொல்லைவிட அதுதான் வேலை செய்கிறது. வந்தார் என்பது எழுந்தருளினார் ஆகும், சொன்னார் என்பது திருவாய் மொழிந்தருளினார் ஆகும். சுந்தர சோழரைக் கல்வெட்டுகள் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்கின்றன. இறந்தார் என்ற பேச்சே இல்லை, பொன்மாளிகையில் உறங்கினார். தூதன் ஓடிவந்து 'மன்னர் இறந்துவிட்டார்!' என்று அலறுவதற்குப் பதிலாக, முதிய பணியாள் 'பொன்மாளிகையில் துஞ்சினார்' என்று சொல்லி நிறுத்தினால் போதும். முன்னிலைக்குத் 'தாங்கள்' என்றே எழுதுங்கள். அது நம் காலத்து மேடை மரபுதான், சோழர் காலத்தது அல்ல. ஆனால் பழைய முறைப்படி 'நீ' என்று எழுதினால் அவமதிப்பாகக் கேட்கும்.

கடைசியாக 'மன்னா'. அதை முழுக்க ஒழிக்கச் சொல்லமாட்டேன். நீளமான ஆகாரத்தில் முடிவதால் கடைசி வரிசை வரை போகும், அது ஒரு வசதி. கேலி நாடகங்களில் தேய்ந்துபோனதுதான் அதன் நோய். சிலப்பதிகார வழக்குரை காதை அதை எப்படிச் செலவழிக்கிறது என்று பாருங்கள். வாயிற்காவலன் 'கொற்கை வேந்தே வாழி' என்று தொடங்கி, செழிய, தென்னவ, பஞ்சவ என்று வாழ்த்தை அடுக்குகிறான். உள்ளே வந்த கண்ணகி சொல்வது 'தேரா மன்னா'. பட்டத்தை மறுக்கவில்லை, அதன் முன்னால் ஒரே ஒரு அடைமொழியை வைக்கிறாள். பின்னால் பாண்டியன் தன்னையே குறிக்கும்போது 'யானோ அரசன், யானே கள்வன்' என்கிறான். நான் மேலே சொன்ன விதியை அவன் மீறுகிறான்: தன் வாயால் தனக்கு அரசன் என்ற சொல்லை எடுக்கிறான், அதுவும் அது தனக்கு இல்லை என்று சொல்வதற்காக.

என் நாடகத்தில் கையெழுத்துப் படியை எடுத்து எல்லா 'மன்னா'வையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். 41 இருந்தது. பெரும்பாலானவற்றை 'அரசே' ஆக்கினேன், அல்லது விளியே இல்லாமல் விட்டேன். எதிரில் நிற்பவனை ஒவ்வொரு வரியிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். நிலம் பறிபோன ஒரு கிழவி, மூன்றாம் காட்சி முழுவதும் 'ராசா, ராசா' என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கெஞ்சிக்கொண்டிருப்பவள், தீர்ப்பைக் கேட்டபிறகு நிமிர்ந்து 'மன்னா' என்பாள். அங்கே யாரும் சிரிக்கவில்லை.